நாற்றை நாமே வளர்ப்பதா, விலைக்கு வாங்குவதா? ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

கேள்வி: எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு தடவை குழித்தட்டு நாற்று தேவைப்படுகிறது. மூன்று தடவை தக்காளி, ஒரு தடவை முட்டைக்கோஸ். தடவைக்கு 10,000 நாற்று. இப்போது விதையை நாங்கள் வாங்கிக் கொடுத்து, தனியார் நாற்றுப் பண்ணையில் வளர்த்து வாங்குகிறோம். போன ஆடிப் பட்டத்தில் 12 நாள் தாமதமாகக் கொடுத்தார்கள். அதனால் வீட்டுப் பக்கத்திலேயே சிறிய நிழல்வலைக் குடில் போடலாம் என்று நினைக்கிறேன். என் கணக்குப்படி ஆறு ஆண்டில் 48,600 ரூபாய் மிச்சம். பி.காம். படிக்கும் என் மகன் 19,400 ரூபாய் நஷ்டம் என்கிறான். குடில் போட மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டும். எது சரி?
– ராயக்கோட்டைப் பகுதி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தோடு இரண்டு தாள்களை இணைத்திருந்தீர்கள். ஒன்றில் உங்கள் கையெழுத்து, மற்றதில் உங்கள் மகனுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் இருவருமே தவறவில்லை. ஆனால் நீங்கள் சேர்க்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள், மகன் சேர்க்கக் கூடாத இரண்டைச் சேர்த்துவிட்டார். அதோடு இன்றைய ரூபாயையும் ஆறு ஆண்டு கழித்து வரும் ரூபாயையும் இருவருமே ஒரே விலையாக நினைத்துவிட்டீர்கள்.

முதலில் உங்கள் தாளில் உள்ளதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கினால்: நாற்றுக்கு வளர்ப்புக் கூலி 60 காசு. ஆண்டுக்கு 40,000 நாற்றுக்கு 24,000 ரூபாய். வண்டி வாடகை தடவைக்கு 1,000 வீதம் 4,000. மொத்தம் ஆண்டுக்கு 28,000 ரூபாய்.

வளர்த்தால்: 450 சதுர அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே நிழல்வலை, சுற்றிலும் பூச்சி புகா வலை, கூலி எல்லாம் சேர்த்து 48,000. குழித்தட்டு 120, தட்டு 25 ரூபாய் வீதம் 3,000. தட்டு இரண்டு ஆண்டு தாங்கும், ஆகவே இரண்டாம் ஆண்டு முடிவிலும் நான்காம் ஆண்டு முடிவிலும் புதிதாக வாங்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் வலை மாற்ற 12,000. ஆறாம் ஆண்டு முடிவில் குழாயை எடைக்குப் போட்டால் 12,000 திரும்பும்.

ஆண்டுச் செலவில் மட்கிய தென்னை நார்க்கழிவுதான் பெரியது. தட்டுக்கு ஒன்றேகால் கிலோ வீதம் 112 தட்டுக்கு 140 கிலோ பிடிக்கும். ஏற்றுக்கூலியோடு தடவைக்கு 1,250, ஆண்டுக்கு 5,000 ரூபாய். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, கரையும் உரம் 1,200. தட்டு நிரப்பி விதை போட இரண்டு ஆள் ஒரு நாள், தடவைக்கு 800 வீதம் 3,200. பண்ணையில் முளைக்காத குழியைக் கழித்துத்தான் எண்ணித் தருகிறார்கள் என்றும், அந்தக் கழிவு அங்கே குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தடவைக்கு 1,000 விதை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், அது ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஆக மொத்தம் 10,400.

விதை விலை முழுவதையும் நீங்கள் எந்தப் பக்கமும் எழுதாதது சரியானதே. வாங்கினாலும் வளர்த்தாலும் விதை உங்களுடையதுதான். இரண்டு வழியிலும் ஒரே அளவாக வரும் செலவு முடிவை மாற்றாது. மாறுவது அந்தக் கூடுதல் விதை மட்டும், அதைச் சேர்த்திருக்கிறீர்கள்.

இனி மகன் தாள். அவர் 20,000 ரூபாயை "ஆழ்துளைக் கிணற்றில் நாற்றுக்கான பங்கு" என்று எழுதியிருக்கிறார். கிணறு நான்கு ஆண்டுக்கு முன்பே போட்டாயிற்று. நாற்று வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. நாற்றுக்குத் தண்ணீர் எடுப்பதால் புதிதாக ஒரு காசும் செலவாகப் போவதில்லை, பம்புசெட்டுக்கு மின்கட்டணமும் இல்லை. எனவே அது இந்தக் கணக்கில் வராது. நாற்றுக்காகவே புதிதாகக் கிணறு வெட்டுவதாக இருந்தால் முழுத் தொகையும் வந்திருக்கும்.

அடுத்தது தேய்மானம். 48,000 ரூபாயை ஆறால் வகுத்து ஆண்டுக்கு 8,000 என்று போட்டிருக்கிறார். கல்லூரியில் கற்றுக்கொடுத்தது அது, ஆண்டு லாபம் பார்க்கும் கணக்குக்குச் சரி. ஆனால் அவரே முதல் வரியில் குடில் செலவு 48,000 என்று எழுதிவிட்டார். பிறகு அதே பணத்தைத் துண்டு துண்டாக இன்னொரு முறை எழுதுகிறார். ஒரே மாட்டுக்கு இரண்டு தடவை விலை கொடுத்த மாதிரி. ஒரு முடிவை எடுக்கும்போது, அந்த முடிவால் கையிலிருந்து போகும் பணம், கைக்கு வரும் பணம் இவற்றை மட்டும் எழுதினால் போதும். தேய்மானத்தில் பணம் எங்கும் போவதில்லை.

20,000, 48,000 இரண்டையும் நீக்கினால் மகனுடைய 19,400 நஷ்டம் உங்களுடைய 48,600 மிச்சமாகவே மாறிவிடும். அப்படியானால் நீங்கள் சொன்னதுதான் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

குடிலுக்கான 51,000 ரூபாய் இன்றைக்கே போகிறது. நாற்றுப் பண்ணைக்குக் கொடுக்கும் பணமோ ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. நகைக்கடன் உங்களுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். இன்று 89 காசை 12 சதவீத வட்டிக்கு விட்டால் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு ரூபாயாகும். எனவே அடுத்த ஆண்டு கொடுக்க வேண்டிய ஒரு ரூபாய் இன்றைக்கு 89 காசுக்குச் சமம். இதைத்தான் இன்றைய மதிப்பு என்கிறோம். இரண்டு ஆண்டு கழித்துக் கொடுக்கும் ரூபாய் இன்று 80 காசு, மூன்றாம் ஆண்டு 71, நான்கு 64, ஐந்து 57, ஆறு 51 காசு. ஒவ்வொன்றும் முந்தையதை 1.12 ஆல் வகுத்தால் வருவதுதான். கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். காசில் முழுமையாக்காமல் கூட்டினால் ஆறு ஆண்டுக்கும் சேர்த்து 4.11 ரூபாய் வரும். அதாவது ஆறு ஆண்டுக்கு, ஆண்டு முடிவில் ஒரு ரூபாய் வீதம் கொடுக்க வேண்டுமானால், இன்று கையில் 4 ரூபாய் 11 காசு இருந்தால் போதும்.

இப்போது உங்கள் கணக்கை இன்றைய மதிப்பில் எழுதுகிறேன்.

வாங்கினால்: 28,000 × 4.11 = 1,15,080

வளர்த்தால்:
குடிலும் முதல் தட்டும் இன்று – 51,000
இரண்டாம் ஆண்டுத் தட்டு – 2,390
மூன்றாம் ஆண்டு வலை – 8,540
நான்காம் ஆண்டுத் தட்டு – 1,910
ஆண்டுச் செலவு 10,400 × 4.11 – 42,740
கழிக்க: ஆறாம் ஆண்டு பழைய குழாய் விலை – 6,080
மொத்தம் – 1,00,500

நீங்கள் எழுதிய 48,600 ரூபாய் மிச்சம் 14,580 ஆகச் சுருங்கிவிட்டது. செலவுகள் எதையும் நான் மாற்றவில்லை. வட்டியைச் சேர்த்தது மட்டும்தான் நான் செய்த மாற்றம். பழைய குழாய்க்கு 12,000 வரும் என்று நம்பிக்கையாக எழுதியிருந்தீர்கள், அதுகூட இன்றைக்கு 6,080க்குத்தான் சமம்.

வட்டி எவ்வளவு என்பது முடிவையே புரட்டிவிடும். அதே கணக்கை இரண்டு ரூபாய் வட்டியில், ஆண்டுக்கு 24 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன். வாங்கினால் 84,560, வளர்த்தால் 88,620. வாங்குவதே மலிவாகிவிடுகிறது. வட்டி ஏற ஏற, இன்றே போகும் பணம் கனமாகவும், பின்னால் வரும் மிச்சம் லேசாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே வங்கியில் நகைக்கடன் தாமதமாகிறது என்று வெளியே கைமாற்று வாங்கிக் குடில் போடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் விட்டுவிட்டது. உங்கள் தாளில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பவருக்குக் கூலி இல்லை. "வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அதே கடிதத்தின் பின்பக்கத்தில், அவர்கள் பூப் பருவத்தில் காலை ஐந்து மணி முதல் எட்டரை வரை பக்கத்துத் தோட்டத்தில் சாமந்தி பறித்து 120 ரூபாய் கொண்டுவருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

குழித்தட்டு நாற்று வயலில் இருக்கும் பயிரைப் போன்றதல்ல. ஒரு குழியில் பிடிக்கும் நார்க்கழிவு ஒரு கைப்பிடி கூட இல்லை, வெயில் நாளில் அரை நாளில் காய்ந்துவிடும். காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை பூவாளியால் நிதானமாகத் தெளிக்க வேண்டும். தெளிக்கும்போதே தட்டைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்க்கோர்த்துச் சுருங்கிச் சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். அன்றைக்கே அந்தத் தட்டை எடுத்து வைத்து, தண்ணீரைக் குறைத்தால் மற்றவை தப்பும். இரண்டு நாள் யாரும் பார்க்காவிட்டால் வரிசையாகப் போகும். 25 நாளும் ஒருவர் இருந்தாக வேண்டும். நான்கு தடவைக்கு 100 நாள்.

அந்த 100 நாளில் பூப் பருவத்தோடு மோதுவது இரண்டு தடவை, அதாவது 50 நாள். 120 வீதம் அவர்கள் இழப்பது ஆண்டுக்கு 6,000 ரூபாய். இது யாருக்கும் கொடுக்கும் கூலி அல்ல. ஆனாலும் குடில் போட்டதால் வீட்டுக்கு வராமல் போகும் பணம். அதனால் இது கணக்கில் வந்தே தீர வேண்டும். மற்ற 50 நாளில் அவர்களுக்கு வெளி வேலை இல்லையென்றால் அதற்குப் பணம் போட வேண்டியதில்லை. உழைப்பு உழைப்புத்தான், ஆனால் இந்த முடிவால் கைவிட்டுப் போகும் வருமானம் அதில் இல்லை.

6,000 × 4.11 = 24,660. இதைச் சேர்த்தால் வளர்க்கும் செலவு 1,25,160. வாங்குவதைவிட 10,080 ரூபாய் அதிகம்.

தலைகீழாகவும் பார்க்கலாம். 14,580 மிச்சத்தை 4.11 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3,550 ரூபாய் வரும். உங்கள் மனைவி ஆண்டுக்கு 30 நாள் பூ பறிப்பை விட்டாலே அந்த மிச்சம் தீர்ந்துவிடும். நகையும் அவர்களுடையது, விட்டுக்கொடுக்கப் போகும் வருமானமும் அவர்களுடையது. அவர்களிடம் இந்தத் தாளைக் காட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்பீர்கள். இன்றைய நிலையில் ஆம், வாங்குங்கள். ஆனால் மூன்று விஷயம் மாறினால் பதிலும் மாறும்.

முதலாவது, காலைத் தண்ணீர். உங்கள் தாயார் வீட்டில் இருக்கிறார் என்கிறீர்கள். அவர் ஏழு மணிக்கு ஒரு தடவை தெளித்து, கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மனைவி எட்டரைக்கு வந்ததும் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். பூ வருமானம் போகாது, 14,580 மிச்சம் அப்படியே நிற்கும். ஆனால் இது அவரால் முடியுமா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டியது, நாம் தாளில் எழுதி முடிவு செய்வதல்ல. சிலர் மேலே நுண்தெளிப்பான் மாட்டிவிடலாம் என்று சொல்வார்கள். 7,000 ரூபாயில் முடியும் என்று வைத்தாலும் மிச்சம் 7,580 ஆகிவிடும். உங்கள் பகுதித் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் தெளிப்பான் மூக்கு அடைத்து, ஒரு வட்டத்தில் மட்டும் நாற்று காயும். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ ஆள் வேண்டும்.

இரண்டாவது, குடிலை எத்தனை நாள் பயன்படுத்துகிறீர்கள் என்பது. நான்கு தடவைக்கு 100 நாள், மீதி 265 நாள் குடில் சும்மா நிற்கும். பக்கத்து விவசாயிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை அதே 60 காசுக்கு, அவர்கள் விதையிலேயே வளர்த்துக் கொடுத்தால் 12,000 வரும். செலவு தடவைக்கு 2,600 வீதம் 5,200. மீதி 6,800, இன்றைய மதிப்பில் சுமார் 27,950. பூ வருமானம் முழுவதும் போனாலும் இது ஈடுகட்டும், அந்த இரண்டு தடவையும் பூ இல்லாத மாதத்தில் வந்தால். ஆனால் வெளியாருக்கு நாற்றுக் கொடுத்துக் காசு வாங்கும்போது நீங்களும் ஒரு நாற்றுப் பண்ணை ஆகிவிடுகிறீர்கள். விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நாற்று விற்பனைக்கு உரிமம் தேவை, மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை நாற்று அழுகினால் அவர்கள் விதைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் ஆண்டே இதை நம்பிக் குடில் போட வேண்டாம்.

மூன்றாவது, மானியம். நிழல்வலைக் குடிலுக்கு தோட்டக்கலைத் துறை வழியாக மானியத் திட்டம் உண்டு. உங்கள் அளவுக் குடிலுக்குப் பொருந்துமா, இந்த ஆண்டு இலக்கு மீதி இருக்கிறதா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். குடில் போட்டு, ஆய்வு முடிந்த பிறகுதான் பணம் வரும், ஆகவே முதலில் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். ஓராண்டு கழித்து வந்தால் ரூபாய்க்கு 89 காசு என்றே எழுதுங்கள். பணி ஆணை கைக்கு வரும் முன் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். புதிதாக நாற்று வளர்ப்பவருக்கு முதல் ஆண்டில் ஒரு தடவையாவது தவறுவது எனக்குத் தெரிந்த பலருக்கு நடந்திருக்கிறது. நார்க்கழிவு சரியாக மட்காமல் இருந்தால் நாற்று வெளிறி நின்றுவிடும். நிழல் அதிகமானால் தண்டு நூலாக நீண்டு, வயலில் வைத்ததும் படுத்துவிடும். பூச்சி புகா வலையில் ஒரு கிழிசல் இருந்தால் வெள்ளை ஈ உள்ளே வந்து, இலைச்சுருள் நோயை நாற்றிலேயே கொடுத்துவிட்டுப் போகும், நட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். ஒரு தடவை முழுவதும் போனால் விதை 2,750, மற்ற செலவு 2,350, இரண்டும் சேர்த்து சுமார் 5,000 போச்சு. நடவு தள்ளிப்போவது தனி.

சரி, தாமதத்தால் வரும் நஷ்டம்? அதுதானே உங்களை இந்தக் கணக்குப் போட வைத்தது. வாங்குவதில் இப்போது மிஞ்சுவது 10,080, அதாவது ஆண்டுக்கு 2,450 ரூபாய். நாற்றுப் பண்ணையின் தாமதத்தால் ஆண்டுக்குச் சராசரியாக அதற்கு மேல் உங்களுக்கு இழப்பு வருமானால் குடில் போடலாம். மூன்று ஆண்டில் ஒரே ஒரு தடவைதான் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஒரு தடவை உங்களுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் இழப்பாகியிருக்க வேண்டும். ஒரு பறிப்பு தவறியதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பறிப்பில் கூலியும் மண்டி கமிஷனும் போக என்ன நின்றிருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தாமதத்தைக் குறைக்கக் குடில்தான் ஒரே வழி என்றில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை கொடுக்கும்போதே விதைக்கும் தேதி, கொடுக்கும் தேதி இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். விதைத்த பத்தாம் நாள் நேரில் போய்த் தட்டைப் பாருங்கள், முளைப்பு குறைந்திருந்தால் அப்போதே தெரியும், வேறு ஏற்பாடு செய்ய நாளும் இருக்கும். எடுக்கும் நாளில் ஒரு நாற்றைக் குழியிலிருந்து இழுத்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, நார்க்கழிவைப் பிடித்துக்கொண்டு கட்டியாக வந்தால் நல்லது. வேர் பழுப்பாகி அடியில் சுருண்டிருந்தாலோ, தக்காளி நாற்றின் நுனியில் பூமொட்டு தெரிந்தாலோ அது வயது கடந்த நாற்று. போன ஆடியில் நீங்கள் வாங்கியது அப்படித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்றாமல் திருப்பியிருக்கலாம்.

மகனிடம் சொல்லுங்கள், அவருடைய தாளில் கிணறு, தேய்மானம் இரண்டு வரியையும் அடித்துவிட்டு, "அம்மாவின் பூ வருமானம்" என்று ஒரு வரி சேர்த்து, 12 சதவீதத்தில் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். தாயார் காலைத் தண்ணீருக்குச் சம்மதித்தால் அந்த வரியையும் மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆடிக்கு முன் குடில் போடுவதென்றால் சித்திரைக்குள் முடிவு தெரிய வேண்டும்.